பேல்பூரி சீட்டும் பிக் மணியும்

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் பதிவு எழுதி நாளாகிவிட்டது. இன்றைக்கு ஒரு சீட்டு விளையாட்டின் சரித்திரம். "சீட்டா? குடும்பஸ்தன் எழுதற விஷயமா இது?" என்று தங்கமணி மாதிரி முறைக்க வேண்டாம். ரம்மியும் இல்லை, மூணு சீட்டும் இல்லை. காசு பணம் எல்லாம் அட்டையில் அச்சடித்ததுதான்.

கொசுவத்தி சுத்தாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். புனேயில் மழைக்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வீட்டுக்குள் கட்டிப் போடுவது பெரும்பாடு. எங்கள் வீட்டில் அதற்கு மருந்து 'டொமினியன்'. அந்த மருந்தே போன வருஷம் விஷமாகிப் போனது. என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பையனுக்கு ஒன்பது. அவள் வெள்ளியும் தங்கமும் மட்டுமே வாங்குவாள், வேறெதையும் தொட மாட்டாள். இவன் விதவிதமான சீட்டாக வாங்கி அடுக்குவான். ஏழெட்டு ஆட்டம் தொடர்ந்து அவள்தான் ஜெயித்தாள். கடைசியில் பையன் சீட்டையெல்லாம் மேசையில் கொட்டிவிட்டு, "இது ஏமாத்து கேம்ப்பா. ஒரே வழிலதான் ஜெயிக்க முடியும்னா எதுக்கு இத்தனை சீட்டு?" என்று எழுந்து போய்விட்டான்.

கேள்வி சரியானது. அந்த விளையாட்டைச் செய்தவரே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் எக்ஸ். வக்காரினோ என்ற அமெரிக்கர் உருவாக்கி 2008ல் வெளிவந்தது. 2009ல் ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருது வாங்கியது. கட்டு கட்டும் விளையாட்டு என்ற வகைக்கே இதுதான் பிள்ளையார் சுழி. அதற்கு முன் 1993ல் வந்த 'மேஜிக்' விளையாட்டில் ஒவ்வொருவரும் கடையில் சீட்டு வாங்கி, வீட்டிலேயே கட்டு தயார் செய்துகொண்டு சண்டைக்கு வருவார்கள். ஏதாவது ஒரு சீட்டு அட்டகாசம் செய்தால் போட்டிகளில் அதைத் தடை செய்துவிடலாம். 1994லேயே அந்தத் தடைப் பட்டியல் வந்துவிட்டது. டொமினியனில் கட்டு கட்டுவதுதான் ஆட்டமே. எல்லாருக்கும் ஒரே மாதிரி பத்துச் சீட்டு: ஏழு செம்பு, மூன்று எஸ்டேட். நடுவில் ஒரு பொதுச் சந்தை. பெட்டியில் இருந்த 25 வகையில் ஏதாவது 10 வகை அன்றைக்குச் சந்தைக்கு வரும். உங்கள் முறையில் ஐந்து சீட்டு கையில் இருக்கும். செயல் சீட்டு ஒன்றை ஆடலாம், சந்தையில் ஒன்றை வாங்கலாம். அப்புறம் கையில் மிச்சமிருப்பதையும் வாங்கியதையும் கழித்துப் போட்டுவிட்டு, ஐந்து புதிய சீட்டு எடுக்க வேண்டும். கட்டு தீர்ந்தால் கழித்ததைக் கலைத்து மறுபடி கட்டாக்குவோம்.

சந்தை பொது என்பதால் பலமான சீட்டு எதிராளிக்கும் கிடைக்கும். ஆகவே இங்கே பிரச்சினை அநியாயம் அல்ல, அலுப்பு. ஒரே வழி எப்போதும் ஜெயிக்கும் என்றால் இருவரும் அதையே வாங்குவார்கள். அப்புறம் யார் முதலில் ஆடினார், யாருக்குச் சீட்டு நன்றாக விழுந்தது என்பதுதான் மிச்சம்.

என் பெண் கண்டுபிடித்த வழிக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'பிக் மணி'. செம்பு 1 காசு, வெள்ளி 2, தங்கம் 3. வெள்ளியின் விலை 3, தங்கத்தின் விலை 6. ஜெயிக்கத் தேவையானது புள்ளி. அதில் பெரியது ப்ராவின்ஸ், விலை 8 காசு, 6 புள்ளி. ஐந்து சீட்டில் எட்டு காசு வர வேண்டும் என்றால், சராசரியாக ஒரு சீட்டுக்கு 1.6 காசு. ஆரம்பக் கட்டில் பத்துச் சீட்டுக்கு ஏழு காசு, அதாவது கைக்கு 3.5தான். நான்கு வெள்ளி, ஐந்து தங்கம் சேர்த்துவிட்டால் 19 சீட்டில் 30 காசு, கைக்கு ஏறக்குறைய 7.9. மூளையைக் கசக்காமல் ப்ராவின்ஸ் வாங்க ஆரம்பித்துவிடலாம்!

இந்தச் சோம்பேறி வழியை ஏன் ஒழிக்கவில்லை? ஏனென்றால் இதுதான் அளவுகோல். காய்கறிக் கடைத் தராசில் ஒரு பக்கம் வைக்கிற படிக்கல் மாதிரி. ஒரு சீட்டு, அல்லது இரண்டு மூன்று சீட்டு சேர்ந்த கூட்டணி, பிக் மணியைவிட மெதுவாக இருந்தால் அது சந்தையில் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. ரொம்ப வேகமாக, அதுவும் எந்தச் சந்தையிலும் வேகமாக இருந்தால் அது மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த, இந்த ஆட்டத்தில் மூன்று பிரேக்குகள் இருக்கின்றன.

முதல் பிரேக் புள்ளிச் சீட்டுகளே. ப்ராவின்ஸ் ஆறு புள்ளி தரும், காசு தராது. கைக்கு வந்தால் வெறும் அட்டை. மேலே சொன்ன 19 சீட்டுக் கட்டில் நான்கு ப்ராவின்ஸ் சேர்ந்தால் 23 சீட்டுக்கு 30 காசு. கைக்கு 6.5தான் வரும். ஜெயிக்க ஜெயிக்கக் கட்டு மந்தமாகிறது. இது நுட்பமான கட்டை இன்னும் பலமாகப் பிடிக்கும். 'சேப்பல்' என்று 2 காசுச் சீட்டு ஒன்று உண்டு. கையிலிருந்து நான்கு சீட்டு வரை ஒரேயடியாக ஒழித்துக்கட்டலாம். அதை வைத்துப் பழைய செம்பு, எஸ்டேட் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு சேப்பல் என ஐந்தே சீட்டில் நின்றால் ஒவ்வொரு முறையும் நிச்சயமாக 10 காசு. பார்த்தால் தோற்கடிக்கவே முடியாது போலிருக்கும். ஆனால் ஒரு ப்ராவின்ஸ் உள்ளே வந்தால் சராசரி 8.3க்கு இறங்கும், இரண்டு வந்தால் 7.1. மெலிந்த கட்டுக்கு ஒவ்வொரு ப்ராவின்ஸும் பெரிய அடி. தடித்த கட்டுக்கு அதே அடி 0.4தான். அதனால் சேப்பல்காரர் இடையிடையே நின்று தங்கமும் வாங்கியாக வேண்டும். சேப்பல் பலமான சீட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஆட்டத்தை முடித்துவைப்பதில்லை. குப்பையை ஒழித்தபின் எதைக் கட்டுவது என்பது அன்றைய சந்தையைப் பொறுத்தது.

இரண்டாவது பிரேக், ஒரு முறைக்கு ஒரே செயல் என்ற விதி. 'ஸ்மித்தி' என்ற சீட்டின் விலை 4, மூன்று சீட்டு எடுக்கலாம். நல்ல சீட்டு. பையன் இதைத்தான் அள்ளி அள்ளி வாங்கினான். பதினாறு சீட்டுக் கட்டில் இரண்டு ஸ்மித்தி இருந்தால் இரண்டும் ஒரே கையில் விழ வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. ஐந்து ஸ்மித்தி இருந்தால், கையில் இரண்டு அல்லது அதற்கு மேல் விழுவது பாதிக்கும் மேலான தடவை நடக்கும். இரண்டாவது ஸ்மித்தி ஆட முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒன்றோ இரண்டோ லாபம், ஐந்து நஷ்டம். அடுப்பு ஒன்றே ஒன்று இருக்கும்போது ஐந்து குக்கர் வாங்கிய கதை.

இதிலிருந்து தப்ப 'வில்லேஜ்' சீட்டு உண்டு. விலை 3. ஒரு சீட்டு எடுக்கலாம், கூடவே இரண்டு செயல் கிடைக்கும். வில்லேஜும் ஸ்மித்தியும் கூட்டணி சேர்ந்தால் கட்டு முழுவதையும் ஒரே கையில் எடுத்துவிடலாம். ஆனால் வில்லேஜ் காசு தராது, புள்ளி தராது. அதை வாங்கிய முறை வெள்ளி வாங்காத முறை. கூட்டணியின் உண்மையான விலை அட்டையில் அச்சடித்த எண் அல்ல. அதைச் சேர்க்கச் செலவான முறைகளின் எண்ணிக்கைதான். பையன் இயந்திரத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவன் அக்கா நான்கு ப்ராவின்ஸ் வாங்கியிருப்பாள். அவன் தோற்றது இதனால்தான், ஏமாத்து இல்லை.

மூன்றாவது பிரேக் விலைப் படிகள். இது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. முதல் இரண்டு முறையில் பத்துச் சீட்டும் வந்துவிடும். ஏழு செம்பு 3-4 என்று பிரிய வாய்ப்பு ஆறில் ஐந்து. 5-2 என்று பிரிவது ஆறில் ஒரு தடவைதான். அதாவது 4 காசுச் சீட்டு எல்லாருக்கும் முதல் சுற்றிலேயே எட்டும். 5 காசுச் சீட்டு பெரும்பாலும் எட்டாது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது ஒரு காசு இல்லை, ஒரு மதில் சுவர்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு சரித்திரத்தில் நடந்த இரண்டு தவறுகளைப் பார்க்கலாம். ஒன்று அதிகப்படி பலம், மற்றது அதிகப்படி பலவீனம்.

2012ல் 'டார்க் ஏஜஸ்' என்ற விரிவுப் பெட்டி வந்தது. அதில் 'ரீபில்ட்' என்று ஒரு 5 காசுச் சீட்டு. அதை ஆடினால் ஒரு செயல் திரும்பக் கிடைக்கும். ஏதாவது ஒரு சீட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, அந்தப் பெயரில்லாத புள்ளிச் சீட்டு ஒன்று வரும்வரை கட்டைப் புரட்ட வேண்டும். வந்ததை ஒழித்துவிட்டு, அதைவிட 3 காசு வரை கூடுதல் விலையுள்ள புள்ளிச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். புள்ளிச் சீட்டுகளின் விலையைப் பாருங்கள்: எஸ்டேட் 2, டச்சி 5, ப்ராவின்ஸ் 8. சரியாக மும்மூன்று இடைவெளி! "ப்ராவின்ஸ்" என்று பெயர் சொல்லிவிட்டால் அது தப்பிக்கும், எஸ்டேட் டச்சியாகும், டச்சி ப்ராவின்ஸாகும்.

இப்போது பிரேக்குகளைச் சோதியுங்கள். செயல் திரும்பக் கிடைப்பதால் ஐந்து ரீபில்ட் கையில் இருந்தாலும் ஒன்றையொன்று மறிக்காது. இரண்டாவது பிரேக் அவுட். புள்ளிச் சீட்டு கட்டை மந்தமாக்குவதற்குப் பதில் எரிபொருளாகிவிட்டது. ஒன்று போய் ஒன்று வருவதால் கட்டும் தடிக்காது. முதல் பிரேக்கும் அவுட். ரீபில்டுக்கும் டச்சிக்கும் 5 காசு போதும். எட்டு காசு தேவையே இல்லை, சீட்டுக்கு 1.6க்குப் பதில் 1 போதும். மூன்றாவது பிரேக் முதல் சில முறைக்கு மட்டும் பிடித்து, பிறகு விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், சந்தையில் உள்ள மற்ற ஒன்பது வகையின் உதவி இதற்கு வேண்டியதில்லை. அதனால் ரீபில்ட் சந்தைக்கு வந்தால் பல ஆட்டங்கள் ஒரே மாதிரி ஆகிப்போயின: இருவரும் ரீபில்ட், இருவரும் டச்சிக்கு அடிதடி.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர். 2016ல் டொமினியனின் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய 25 வகையில் ஆறை எடுத்துவிட்டு ஏழு புதிதாகச் சேர்த்தார்கள். போன ஆறும் ரொம்பப் பலமானவை என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, பெரும்பாலும் சோப்ளாங்கிகள். சேப்பல் கம்பீரமாகத் தங்கிவிட்டது.

போனவற்றில் ஒன்று 'அட்வென்ச்சரர்'. விலை 6, கட்டிலிருந்து இரண்டு காசுச் சீட்டைத் தேடி எடுத்துத் தரும். அதே 6 காசுக்குத் தங்கம் கிடைக்கிறது. ஏழு செம்பும் நான்கு வெள்ளியும் உள்ள கட்டில் அட்வென்ச்சரர் கொண்டுவரும் இரண்டு சீட்டின் சராசரி மதிப்பு 2.7 காசு. தங்கம் 3 தரும், செயலையும் செலவழிக்காது. ஆக அவர் தங்கத்திடமே தோற்கிறார்.

இன்னொன்று 'தீஃப்', திருடன். விலை 4. எதிராளியின் கட்டில் மேலே உள்ள இரண்டு சீட்டைப் புரட்டி, அதில் ஒரு காசுச் சீட்டை ஒழிக்கலாம், வேண்டுமானால் நாமே எடுத்துக்கொள்ளலாம். கேட்க பயங்கரமாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் சிக்குவது செம்பு. செம்பை ஒழிப்பது என்றால் என்ன? சேப்பல் செய்யும் வேலை! எதிராளி வீட்டைத் திருடன் இலவசமாகப் பெருக்கித் தருகிறான். அவள் கட்டு மெலிந்து வேகமாகிறது. என் பையன் அக்காவிடம் திருடித் திருடியே தோற்ற ஆட்டம் ஒன்று உண்டு, பாவம். இரண்டாம் பதிப்பில் இந்த இடத்துக்கு வந்தது 'பாண்டிட்', விலை 5. நமக்கு ஒரு தங்கம் வரும். எதிராளியிடம் செம்பு அல்லாத காசுச் சீட்டு மட்டுமே ஒழியும். எண்ணைக் கூட்டிக் குறைத்து மட்டும் செய்த ரிப்பேர் இல்லை இது. எங்கே எதிராளிக்கு உதவியதோ அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்.

இதில்தான் எனக்குப் பாடம். ஒரு வழி ஆட்டத்தை ஆள்வதற்கு அது பலமாக இருக்க வேண்டியதே இல்லை, மற்றவை சோப்ளாங்கியாக இருந்தாலே போதும். பத்து வகைச் சந்தையில் மூன்று வகை பிக் மணிக்கு ஈடுகொடுக்காதவை என்றால், உண்மையில் அது ஏழு வகைச் சந்தை. அப்போது வெள்ளி, தங்கம் என்று போகிறவள்தான் புத்திசாலி. எங்கள் வீட்டில் இருந்தது பழைய பதிப்பு, அலுவலக நண்பர் கொடுத்தது. அந்த ஆறும் எங்கள் பெட்டியில் இருந்தன. சந்தைக்கு வகை தேர்ந்தெடுப்பவன் பையன். அட்வென்ச்சரரும் தீஃபும் படம் நன்றாக இருக்கிறதென்று அவனே ஆட்டத்துக்கு ஆட்டம் எடுத்து வைத்திருக்கிறான்!

அந்த ஆறையும் ஓரங்கட்டினேன். ஆட்டம் கொஞ்சம் தேறியது. ஆனால் பையன் சும்மா இருப்பானா? அட்டை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் படம் போட்டு, சொந்தச் சீட்டு கொண்டுவந்தான். பெயர் 'பேல்பூரி'. விலை 3. இரண்டு சீட்டு எடுக்கலாம், ஒரு செயல் திரும்பக் கிடைக்கும். பத்துப் பிரதி. நான்கு ஆட்டம் வரிசையாக ஜெயித்தான். இப்போது எழுந்து போனது அக்கா.

"நீயும் பேல்பூரி வாங்கேன்" என்றேன். வாங்கினாள். ஆளுக்கு ஐந்து. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தேன். கிட்டத்தட்ட ஒரே கட்டு. நோயைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த எளிய பரிசோதனை இதுதான். யார் ஜெயித்தார் என்று பார்க்காதீர்கள், ஜெயித்தவர் கட்டும் தோற்றவர் கட்டும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சந்தை மாறியும் கட்டுகள் மாறவில்லை என்றால், ஏதோ ஒரு சீட்டு பிரேக்கை அறுத்திருக்கிறது.

பேல்பூரியை மூன்று பிரேக்கிலும் வைத்துப் பார்த்தோம். செயல் திரும்ப வருவதால் மறிக்காது. விலை 3 என்பதால் முதல் சுற்றிலேயே இரண்டு வாங்கலாம். தானும் போய் இன்னொரு சீட்டும் கூட வருவதால், ஒவ்வொரு பேல்பூரியும் கையை ஒரு சீட்டு பெரிதாக்குகிறது. அதனால் புள்ளிச் சீட்டின் பாரமும் உறைக்காது. "விலையை 5 ஆக்குடா, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் போயிடும்" என்றேன். அவன் யோசித்துவிட்டுப் பெட்டியைக் குடைந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். 'லேபரட்டரி'. விலை 5. இரண்டு சீட்டு, ஒரு செயல். 2008லிருந்தே அங்கேதான் இருக்கிறது!

"அப்பா, அந்த அங்கிள் என் பேல்பூரியைக் காப்பி அடிச்சிட்டாரு" என்றான்.

பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விலை 3தான். ஆனால் இரண்டு சீட்டு எடுத்தபின் கையிலிருந்து ஒன்றைக் கழித்துப் போட வேண்டும். இப்போது கை பெரிதாகாது, குப்பையைத் தள்ளி நல்லதை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். யோசனை அக்காவுடையது. "வெங்காயம் வேணாம்னு தள்ளி வைக்கறோம்ல, அந்த மாதிரி" என்றாள்.

ஆறு ஆட்டம் ஆடினார்கள், மூன்றுக்கு மூன்று. ஆறு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது வேறு. ஆறாவது ஆட்டம் முடிந்து கட்டுகளைப் பரப்பியபோது, ஒன்றில் நான்கு பேல்பூரி, மற்றதில் ஒன்றுகூட இல்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

டிஸ்கி: பேல்பூரி சீட்டில் ஒன்று மழைத்தண்ணீர் பட்டு ஊறிவிட்டது. பையன் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறான். விலையை யாருக்கும் தெரியாமல் 2 ஆக்குகிறானா என்று பக்கத்தில் அக்கா காவல் :-)